சமையலறையை ஒட்டிய நடைவழிக்கு எந்தப் புகை அலாரம்: அயனி வகையா, ஒளி வகையா?

தோட்டப்பாளையம் மாடிவீடு

வேலூர் தோட்டப்பாளையத்தில் எங்கள் வீட்டு முதல் மாடியில் ஆறு அறைகளை, மருத்துவமனைக்கு வருகிற நோயாளிகளுக்கும் உடன் வரும் உறவினர்களுக்கும் வாடகைக்கு விடுகிறோம். வங்காளத்திலிருந்து வருகிறவர்கள்தான் அதிகம். இரண்டு வாரம், மூன்று வாரம் என்று தங்குவதால் எல்லோருமே சமைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். நடைவழியின் கிழக்குக் கோடியில் பொதுச் சமையலறை. அதில் நான்கு ஒற்றை அடுப்புகள். காலை ஐந்தரை மணிக்குப் பற்றவைத்தால் இரவு பத்து வரை ஏதாவது ஓர் அடுப்பு எரிந்துகொண்டேதான் இருக்கும். சமையலறைக்கு நிலை உண்டு, கதவு கிடையாது. நடைவழி 30 அடி நீளம், 5 அடி அகலம். மாடிப்படி மேற்குக் கோடியில்.

அண்ணன் மகன் அமெரிக்காவிலிருந்து நான்கு புகை அலாரங்களைக் கொண்டுவந்து கொடுத்தான். அவற்றில் ஒன்றை நடைவழிக் கூரையில், சமையலறை நிலையிலிருந்து 5 அடி தள்ளி மாட்டினேன். அன்றிலிருந்து நிம்மதி இல்லை. 12 நாட்கள் ஒரு நோட்டில் குறித்துவைத்தேன்: 31 தடவை அலறியிருக்கிறது. ஒரு தடவைகூடத் தீ இல்லை. பாதிக்கு மேல் கடுகு எண்ணெயைக் காயவைத்தபோது. வங்காளத்துக்காரர்கள் அந்த எண்ணெயைப் புகை வரும்வரை காய்ச்சிவிட்டுத்தான் மீனைப் போடுகிறார்கள்.

சென்ற வாரம் பார்த்தால் யாரோ அதன்மேல் பிளாஸ்டிக் உறையை மாட்டி ரப்பர் வளையம் போட்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவர்களை நாளுக்கு இரண்டு மூன்று முறை அது தூக்கிவாரிப் போட்டு எழுப்பியது. ஆனால் உறை போட்ட அலாரத்தின் கீழ் பதினைந்து பேர் தூங்குகிறார்கள் என்ற எண்ணம் என்னைத் தூங்கவிடவில்லை.

கருவியின் பின்பக்கம் கதிரியக்கக் குறியும் அமெரிசியம் 241 என்ற எழுத்தும் இருக்கின்றன. இது அயனி வகை என்று படித்தேன். இதை ஒளி வகைக்கு மாற்றினால் தொல்லை தீருமா?

காட்பாடி தெற்கு

முதலில் அதைக் கழற்றி வெளியே வையுங்கள். கதிரியக்கப் பொருளை நோயாளிகள் படுத்திருக்கிற இடத்தில் மாட்டலாமா? ஒளி வகை ஒன்றை வாங்கி அதே ஆணியில் மாட்டுங்கள், போதும். சமையல் புகைக்கு ஒளி வகை அலறவே அலறாது. எங்கள் அலுவலகத்து உணவறையில் மூன்று ஆண்டுகளாக இருக்கிறது, ஒருநாளும் சத்தம் கேட்டதில்லை.

சிப்காட் பராமரிப்பு

ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் தீ எச்சரிக்கைக் கருவிகளைப் பராமரிப்பது என் தொழில். பதினெட்டு ஆண்டுகள் ஆயிற்று. காட்பாடி நண்பர் சொன்ன முடிவு பாதி சரி, காரணங்கள் சரியில்லை.

கதிரியக்கத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சிறு வில்லையில் இருக்கும் அமெரிசியம் ஒரு மைக்ரோகிராமை எட்டாது. அது வெளிவிடும் ஆல்பா கதிர் ஒரு தாளைத் தாண்டாது, சில சென்டிமீட்டர் காற்றிலேயே நின்றுவிடும். கூரையில் மாட்டியிருக்கும்வரை யாருக்கும் கெடுதல் இல்லை. அதை உடைப்பதும், எரிப்பதும், பழைய இரும்புக்காரரிடம் போடுவதும்தான் தவறு.

இனி, அது ஏன் அலறுகிறது என்பது. அந்தக் கதிர் இரண்டு தகடுகளுக்கு நடுவே உள்ள காற்றில் மின்னூட்டத்தை உண்டாக்குகிறது. அதனால் மிகச் சிறிய மின்னோட்டம் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. நுண்துகள்கள் உள்ளே புகுந்து அந்த மின்னூட்டத்தைப் பிடித்துக்கொண்டால் ஓட்டம் குறையும், அலாரம் அடிக்கும். இங்கே துகள் எவ்வளவு பெரியது என்பதைவிட எத்தனை துகள்கள் என்பதுதான் முக்கியம். கண்ணுக்கே தெரியாத துகள்கள் கோடிக்கணக்கில் வந்தாலும் அது விழித்துக்கொள்ளும். காய்கிற எண்ணெயும் தோசைக்கல்லும் வெளிவிடுவது அதைத்தான். நீங்கள் புகையைப் பார்ப்பதற்கு முன்பே அது பார்த்துவிடுகிறது.

ஒளி வகை வேறு மாதிரி. இருட்டான ஒரு சிறு கூட்டுக்குள் விளக்கு ஒரு பக்கம் பார்க்கிறது, ஒளியுணரி வேறொரு கோணத்தில் இருக்கிறது. சாதாரணமாக விளக்கின் ஒளி உணரியில் படாது. புகைத்துகள் நடுவே வந்தால் ஒளி சிதறி அதில் விழும். ஒளியின் அலைநீளத்தைவிடத் துகள் மிகவும் சிறியதாக இருந்தால் சிதறல் பெரிதும் குறைந்துவிடும். ஆகவே எண்ணெய் காயத் தொடங்கும்போது எழும் நுண்துகளை அது பெரும்பாலும் கண்டுகொள்ளாது. ஆனால் எண்ணெய் கண்ணுக்குத் தெரியும்படி வெள்ளையாகப் புகைந்தால் அதுவும் அலறும். நீராவிக்கும் அலறும். "அலறவே அலறாது" என்று நம்பி அதே ஆணியில் மாட்டினால் இன்னொரு பிளாஸ்டிக் உறைதான் வரும்.

எனக்கு இரண்டு விவரம் வேண்டும். அடுப்பிலிருந்து அலாரம் எத்தனை அடி? நிலையிலிருந்து அல்ல, அடுப்பிலிருந்து. கருவியின் பின்பக்கம் தயாரிப்பு ஆண்டு என்ன?

ஆற்காடு மருமகள்

எங்கள் வீட்டிலும் சமையலறையில் அலாரம் இருக்கிறது. நீங்கள் கூரையில் மாட்டியதுதான் தவறு என்று நினைக்கிறேன். எங்களுக்குப் பொருத்திய பையன் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில்தான் வைத்தான். தாளிப்புக்கு ஒருநாளும் அது அடித்ததில்லை. மிளகாய் வறுக்கும் நெடியில் வீடே இருமினாலும் அடிக்காது.

சிப்காட் பராமரிப்பு

அம்மா, உங்கள் வீட்டில் இருப்பது கேஸ் கசிவு அலாரம். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தங்கும். அதனால் அது கீழே இருப்பதுதான் சரி, இடத்தை மாற்றாதீர்கள். புகை சூட்டோடு மேலே போகும், அதனால் புகை அலாரம் கூரையில். ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாம் என்று ஆகாது.

நெடியைப் பற்றி நீங்கள் சொன்னது நல்ல விஷயம். மனிதர்கள் இருமுவதை வைத்துப் புகை அலாரம் அடிக்குமா என்று கணிக்க முடியாது. மிளகாயின் காரம் நம் தொண்டைக்குத்தான் எதிரி. கருவிக்கு வாசனையும் காரமும் தெரியாது, துகள் மட்டும்தான் தெரியும்.

வாணியம்பாடி தம்

நான் விசேஷங்களுக்குப் பிரியாணி போடுகிறவன். நான் இதற்கு எதிராகப் பேச வேண்டியிருக்கிறது. எண்ணெய்த் தீ பற்றினால் எப்படி இருக்கும் என்று இங்கே எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? கண் இமைக்கும் நேரத்தில் சுடர் கூரையைத் தொடும். சுடர்விடும் தீயை அயனி வகைதான் முதலில் பிடிக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சமையலறைப் பக்கத்தில் அதைக் கழற்றிவிட்டு மெதுவான ஒன்றை மாட்டச் சொல்வது எப்படிச் சரியாகும்? தொல்லையாக இருந்தாலும் உயிர் பெரிதல்லவா?

சிப்காட் பராமரிப்பு

பாய், உங்கள் கேள்வி நியாயமானது. அமெரிக்கத் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2004-இல் வெளியிட்ட சோதனை அறிக்கையும் அதைத்தான் சொல்கிறது: சுடர்விடும் தீயில் அயனி வகை சற்று முந்துகிறது. ஆனால் அதே அறிக்கையில், கனன்று புகையும் தீயில் ஒளி வகை மிகவும் முந்துகிறது. "சற்று", "மிகவும்" என்ற இரண்டு சொற்களுக்கும் நடுவில்தான் இந்த வீட்டின் விடை இருக்கிறது.

இந்த மாடியில் எந்தத் தீக்கு எந்த நேரத்தில் யார் விழித்திருப்பார்கள் என்று பாருங்கள். எண்ணெய்த் தீ, யாராவது சமைக்கும்போது வருகிறது. எண்ணெய் தானாகப் பற்றுவதற்கு முன் சில நிமிடம் கெட்டியாகப் புகையும். அடுப்பை மறந்து அறைக்குள் போயிருந்தாலும் அந்தக் கெட்டிப் புகையை ஒளி வகை பிடித்துவிடும். இரவு இரண்டு மணிக்கு வருவது வேறு தீ. பஞ்சு மெத்தையில் விழுந்த பீடித்துண்டு, கொசுவர்த்தியின் மேல் சரிந்த போர்வை, சூடேறி உருகும் மின்கம்பி. இவை மணிக்கணக்கில் சுடரே இல்லாமல் புகைந்துகொண்டிருக்கும். தூங்குகிறவர்களை அந்தப் புகையே கொன்றுவிடும். அதைச் சீக்கிரம் பார்ப்பது ஒளி வகைதான்.

இன்னொன்று. உறை போட்ட அயனி அலாரம் எந்தத் தீக்கும் முந்தாது.

சமையலறைக்குள்ளேயே காவல் வேண்டும் என்றால் அங்கே புகை அலாரம் வேண்டாம், வெப்ப அலாரம் வையுங்கள். சுமார் 57 டிகிரிக்கு அடிக்கும்படி செய்திருப்பார்கள். தாளிப்புக்கு அசையாது.

குடியாத்தம் தறி

ஒளி வகையை இவ்வளவு புகழ்கிறீர்கள். என் வீட்டில் இருப்பது ஒளி வகைதான். வெள்ளிக்கிழமை தவறினாலும் அது தவறாது. அம்மா சாம்பிராணி போட்டு நடுக்கூடத்துக்கு வந்ததும் ஓலம். தவிர, பக்கத்து அறையில் தறி ஓடுகிறது. பஞ்சுத்தூசி போய் அடைந்து, போன ஐப்பசியில் காரணமே இல்லாமல் நடு இரவில் இரண்டு முறை அடித்தது. திறந்து பார்த்தால் வலைக்குள் ஒரு சின்னப் பூச்சி.

சிப்காட் பராமரிப்பு

மூன்றுமே அதன் உண்மையான பலவீனங்கள். சாம்பிராணிப் புகை பெரிய துகள், வெள்ளை நிறம், ஒளியை நன்றாகச் சிதறடிக்கும். அது தீப்புகையா பூஜைப்புகையா என்று கருவிக்குத் தெரிய வழியில்லை. தற்காலிகமாக அடக்கும் பொத்தான் உள்ள கருவியாக வாங்கினால் சாம்பிராணிக்கு முன் அழுத்திவிடலாம். சில நிமிடங்களில் அதுவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பேட்டரியைக் கழற்ற வேண்டியதில்லை. கழற்றிய பேட்டரி மறுபடி போடப்படுவதில்லை என்பதை எத்தனையோ இடங்களில் பார்த்துவிட்டேன். தூசிக்கும் பூச்சிக்கும், மாதம் ஒருமுறை தூசி உறிஞ்சியின் மென்தூரிகையால் வெளிப்புறத் துளைகளைச் சுற்றித் துடையுங்கள். தறி வீடு என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

தோட்டப்பாளையம் மாடிவீடு

ஐயா கேட்ட விவரங்கள். நிலைக்கு உள்ளே 4 அடியில் முதல் அடுப்பு. ஆக அடுப்பிலிருந்து அலாரம் 9 அடி. தயாரிப்பு ஆண்டைப் பார்த்தபோது நெஞ்சு திக்கென்றது: நான்கிலும் ஒரே ஆண்டு, பதினோரு ஆண்டுகள் பழையவை. கொடுத்தவனுக்கும் தெரியாது, எனக்கும் பார்க்கத் தோன்றவில்லை.

இன்னொரு சந்தேகம். இந்த அமெரிசியம் பாதியாகக் குறையவே 432 ஆண்டுகள் ஆகும் என்று படித்தேன். பிறகு ஏன் பத்து ஆண்டுகளில் தூக்கிப்போடச் சொல்கிறார்கள்?

சிப்காட் பராமரிப்பு

அமெரிசியம் அப்படியே இருக்கும், சுற்றியுள்ளவை கெட்டுப்போகும். மின்னணுப் பாகங்கள் தளரும், கருவிக்குள் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படியும். படிந்தால் உணர்திறன் எந்தப் பக்கமும் நகரலாம், கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். சோதனைப் பொத்தானை அழுத்தினால் சத்தம் வருகிறதே என்று ஏமாறாதீர்கள். அது மின்சுற்றையும் ஒலிப்பானையும் சோதிக்கிறது. புகை உள்ளே நுழையும் வழி அடைபட்டிருப்பதை அது சொல்லாது.

தூரம் பற்றி. அமெரிக்காவின் 72-ஆம் எண் தீ எச்சரிக்கை விதித்தொகுப்பு நெடுநாளாகச் சொல்லிவருவது, நிலையான அடுப்பிலிருந்து 10 அடிக்குள் புகை அலாரம் பொதுவாக வேண்டாம் என்பதே. 10 முதல் 20 அடிக்குள் என்றால் ஒளி வகை, அல்லது அடக்கும் பொத்தான் உள்ளது. அளப்பது புகை போகும் வழியில், சுவரை ஊடுருவி அல்ல. உங்கள் 9 அடி அந்த எல்லைக்குள்ளேயே விழுந்துவிட்டது.

தூரத்துக்குக் காரணம் உண்டு. புகை நகர நகர நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகின்றன, எண்ணிக்கை குறைகிறது, கலவையும் நீர்த்துப்போகிறது. அயனி வகைக்கு இது பெரிய ஆறுதல்.

புதிதாக வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பரபரப்பான நேரத்தில் ஒரு ஊதுபத்தியைச் சமையலறை நிலையில் பிடித்து, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். புகைபோக்கி மின்விசிறி ஓடும்போது ஒருமுறை, அணைத்துவிட்டு ஒருமுறை. பத்தியை அலாரத்துக்கு நேரே காட்ட வேண்டாம், பிசுக்கு ஒட்டும்.

தோட்டப்பாளையம் மாடிவீடு

பார்த்தேன். மின்விசிறி ஓடும்போது பத்திப் புகை நடைவழியிலிருந்து சமையலறைக்குள் இழுபடுகிறது. நிறுத்தினால் தலைகீழ். நிலைக்கு மேலே இரண்டடிச் சுவர் இருக்கிறது. கொஞ்ச நேரம் அந்தச் சுவர் தடுக்கிறது, பிறகு புகை நிலையின் மேல்விளிம்பைத் தாண்டி வழிந்து, கூரையோடு ஒட்டிக்கொண்டு நேராக அலாரத்துக்கு வருகிறது. நோட்டைப் புரட்டினேன். 31-இல் 19 தடவை மின்விசிறி ஓடவில்லை. சத்தமாக இருக்கிறது என்று அணைத்துவிடுகிறார்கள், அல்லது மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டரில் அதை நான் சேர்க்கவே இல்லை.

சிப்காட் பராமரிப்பு

இன்வெர்ட்டரில் உடனே சேருங்கள். வகையை மாற்றுவதற்கு முன் பழைய கருவியையே உறையை எடுத்துவிட்டு அடுப்பிலிருந்து 17 அடியில் பத்து நாள் வைத்துப் பாருங்கள். அது நடைவழியின் நடுப்பகுதி, எல்லா அறைக் கதவுகளுக்கும் நெருக்கம். சுவரும் கூரையும் சேரும் மூலையில் வேண்டாம், அங்கே காற்று தேங்கும். கூரை விசிறியின் இறக்கை நுனியிலிருந்து 3 அடியாவது தள்ளி. அதன் பிறகு அதே இடத்தில் புதிய ஒளி வகையை வைத்தால், இடம் எவ்வளவு உதவியது, வகை எவ்வளவு உதவியது என்று ஓரளவு பிரித்துப் பார்க்கலாம்.

வாணியம்பாடி தம்

இரண்டு உணரியும் சேர்ந்த கருவி கடையில் இருக்கிறதே, அதை வாங்கினால் இரண்டு தீக்கும் ஆயிற்றே?

சிப்காட் பராமரிப்பு

படுக்கையறைப் பக்கம் நல்லது. சமையலறைக்கு அருகில் வேண்டாம். சாதாரண இரட்டைக் கருவியில் இரண்டில் எது முந்தினாலும் அலாரம் அடிக்கும். எண்ணெய் காயும்போது முந்துவது அதனுள் இருக்கும் அயனி உணரி. ஆகவே தொல்லை அப்படியே இருக்கும். அமெரிக்கத் தரநிலையின் புதிய பதிப்பில் சமையல் புகைச் சோதனை ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். இறைச்சி வடைகளைச் சுட்டு, அந்த ஆரம்பப் புகைக்கு அலாரம் அடிக்கக் கூடாது என்று பார்க்கிறார்கள். அது பெரிய முன்னேற்றம். ஆனால் புகையும் கடுகெண்ணெயும் வரமிளகாய்த் தாளிப்பும் அந்தச் சோதனையில் இல்லை.

தோட்டப்பாளையம் மாடிவீடு

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். புகைபோக்கியை இன்வெர்ட்டரில் சேர்த்தேன். பழைய அயனி அலாரம் 17 அடியில், பத்து நாட்களில் 9 தடவை. பிறகு அதே இடத்தில் அடக்கும் பொத்தானுள்ள புதிய ஒளி வகை, 30 நாட்களில் 2 தடவை. ஒன்று, இட்லிப் பானையைத் திறந்தபடி நடைவழியில் தூக்கிக்கொண்டு வந்தபோது. மற்றொன்றைச் சொல்ல வேண்டும். மூன்றாம் அறை அம்மா கிச்சடியை அடுப்பில் வைத்துவிட்டு, மருத்துவமனையிலிருந்து வந்த தொலைபேசியில் இருந்துவிட்டார். அடிப்பிடித்துக் கருகி, நடைவழியில் புகை கண்ணுக்குத் தெரியத் தொடங்கியபோது அலாரம் அடித்தது. அவர்தான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தார். இப்போது யாரும் உறை போடவில்லை.

காட்பாடி தெற்கு

நான் முதலிலேயே சொன்னேன், வகைதான் காரணம் என்று.

சிப்காட் பராமரிப்பு

அந்த எண்களிலிருந்து அப்படிச் சொல்ல முடியாது. 12 நாளில் 31 என்பது பத்து நாளில் 9 ஆனது வகை மாறுவதற்கு முன்பே. அதிலும் மின்விசிறிக்கு எவ்வளவு பங்கு, தூரத்துக்கு எவ்வளவு பங்கு என்று தெரியாது. பழைய கருவி பதினோரு வயதானது என்பதால் 9-க்கும் 2-க்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் வகையினால் என்றும் சத்தியம் செய்ய மாட்டேன்.

மாடிவீட்டு அண்ணனுக்கு ஒன்று: நடைவழியில் ஒன்று இருப்பது பாதி வேலைதான். மூடிய கதவுக்குப் பின்னால் மெத்தை புகைந்தால் அது வெளியே வர நேரம் பிடிக்கும். வெளியே அடிக்கும் ஒலியும் கதவைத் தாண்டும்போது குறையும். ஆறு அறைகளுக்கும் ஒவ்வொன்று வாங்குங்கள், முடிந்தால் ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும்படி இணைக்கக்கூடியவை. பழைய நான்கையும் உடைக்காமல், அயனி வகைக் கருவிகளைக் கையாளும் விற்பனையாளரிடம் ஒப்படையுங்கள்.

குடியாத்தம் தறி

எனக்கு ஒரு கேள்வி பாக்கி. என் சமையலறைக்குத் தகரக் கூரை. சித்திரையில் அதன் அடியில் கை வைக்க முடியாது. புகை அலாரத்தின் கையேட்டில் 38 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று இருக்கிறது. வேலூர் வெயிலுக்கு வெளியிலேயே அதைத் தாண்டுகிறதே?

சிப்காட் பராமரிப்பு

தகரத்தின் அடியில் எந்தப் புகை அலாரமும் வேண்டாம். 57 டிகிரி வெப்ப அலாரமும் அங்கே வெயிலுக்கே அடிக்கக்கூடும், அதைவிட உயர்ந்த வெப்பநிலைக்குச் செய்த கருவிகள் உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். கான்கிரீட் கூரையின் கீழுள்ள நடைவழியில் 38-ஐத் தாண்டும் மதியங்களை எப்படிச் சமாளிப்பது என்பதற்கு என்னிடம் முழு விடை இல்லை. 50, 55 வரை தாங்கும் என்று அச்சிட்ட கருவிகள் தொழிற்சாலைப் பயன்பாட்டில் இருக்கின்றன. ஆனால் அவை தனியாக இயங்காது, கட்டுப்பாட்டுப் பெட்டி வேண்டும், ஒரு வீட்டுக்குச் செலவு அதிகம்.

தோட்டப்பாளையம் மாடிவீடு

எங்கள் நடைவழியில் பங்குனி தொடங்கியதும் கூரையோரம் ஒரு வெப்பமானி கட்டித் தொங்கவிடுகிறேன். மதியம் இரண்டு மணி அளவை நாள்தோறும் அதே நோட்டில் குறித்து இங்கே எழுதுகிறேன்.